காய்ச்சல் விட்ட நாளில் கண்ணயராதீர்கள்: சுவரில் ஒட்ட ஒரு டெங்குத் தாள்

"எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் டெங்கு. எங்கள் வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து இருக்கிறோம். எதுவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று சுவரில் ஒட்டிவைக்க எளிய சொற்களில் ஒரு தாள் எழுதித் தர முடியுமா? என் மாமியார் படித்தாலும் புரிய வேண்டும்."

தாளின் உச்சியில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், இந்த வரி இருக்கட்டும்: காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் ஆபத்தான நாள். முழுத் தாளையும் கடைசியில் எழுதியிருக்கிறேன், அப்படியே படி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தவர் ஒருவராவது வீட்டில் இருந்தால்தான், நடு இரவில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மற்றவர்கள் சொல்லும்போது அந்தத் தாளுக்காக நின்று பேச முடியும்.

நான் குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல் கட்டில்கள் நிரம்பிவிடும். தாமதமாக வந்தவர்களில் பெரும்பாலானோர் வாசலில் சொன்னது ஒரே வாக்கியம்: "காலையிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது சிஸ்டர், சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டோம்." அவர்கள் அசட்டையாக இருந்தவர்கள் இல்லை. நமக்குத் தெரிந்த மற்றக் காய்ச்சல்கள் எல்லாம் சூடு இறங்கினால் சரியாகிவிடும். டெங்கு அந்தப் பழக்கத்தையே நமக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது.

ஒரு பையனின் ஐந்து நாளைச் சொல்கிறேன். ஒன்பது வயது, 24 கிலோ எடை. திங்கட்கிழமை காலை திடீரென்று 103 டிகிரி காய்ச்சல். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகு வலி. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கும், சில மணி நேரத்தில் மறுபடி ஏறும். புதன்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு என்று உறுதியானது. பிளேட்லெட் 1,40,000, ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. 36. மறுநாளும் வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். வியாழன் காய்ச்சல் 101-க்கு இறங்கிவிட்டதால் போகவில்லை. வெள்ளி காலை ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் உடம்பு சுத்தமாகக் குளிர்ந்திருந்தது. கடைசி மாத்திரை முந்தின நாள் மாலை கொடுத்தது, ஆகவே அது மாத்திரையால் இறங்கிய சூடு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பாட்டி இரண்டு இட்லி ஊட்டினார். அரை மணியில் வாந்தி. வெறும் வயிற்றில் மாத்திரை போட்ட பித்தம் என்றார்கள். பத்து மணிக்கு இன்னொரு வாந்தி, பதினொன்றுக்கு மூன்றாவது. வலது விலா எலும்புக்குக் கீழே கை வைத்து வலிக்கிறது என்றான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்துக்கொண்டான். பாதம் சில்லென்று இருப்பதை அம்மா கவனித்து, மின்விசிறிக் காற்று என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்.

எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. என்ன வகுப்பு என்று கேட்டேன், நான்காம் வகுப்பு என்று தெளிவாகச் சொன்னான். பேச்சை மட்டும் கேட்டிருந்தால் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். வயிற்றில் ஒரு கையும் பாதத்தில் ஒரு கையும் வைத்துப் பார்த்தேன். வயிறு கதகதப்பாக இருந்தது. பாதமோ ஈரச் சிமென்ட் தரையைத் தொட்டதுபோல் இருந்தது. நாடி நிமிடத்துக்கு 136, நூல்போல மெலிந்து. ரத்த அழுத்தம் 90-க்கு 74. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையே 16 மட்டுமே. அந்த இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே போனால் உடம்பு ரத்த ஓட்டம் போதாத அதிர்ச்சி நிலைக்குள் போய்விட்டது என்று பொருள். பி.சி.வி. 46, பிளேட்லெட் 42,000. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டபோதுதான் அம்மாவுக்கே உறைத்தது: முந்தின இரவு ஒன்பது மணிக்கு. பதினெட்டு மணி நேரம்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா?" அவனுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டது உப்பு நீர், அதுவும் அளந்து. கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் முதல் ஒரு மணி நேரத்தில் 240 மில்லி சலைன் ஏற்றினோம். நாலரைக்குப் பாதத்தில் சூடு திரும்பத் தொடங்கியது. ஆறு மணிக்குக் கெட்டி மஞ்சளாகக் கொஞ்சம் சிறுநீர் போனான். அந்தப் பாத்திரத்தை அம்மா கொண்டுவந்து காட்டிய முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின் மணிக்கு மணி நாடி, அழுத்தம், பாதச் சூடு, சிறுநீர் பார்த்துப் பார்த்து நீரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஞாயிறு காலை பசிக்கிறது என்றான். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை இப்படிச் சொன்னால் உங்கள் மாமியாருக்கு உடனே புரியும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் மட்டும் வடிந்து, உள்ளே இருக்கும் தயிர் கெட்டியாகிறது அல்லவா? டெங்கு முற்றும்போது ரத்தக் குழாய்களின் சுவர் அந்தத் துணிபோல ஆகிவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து கசிந்து வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது, அளவும் குறைகிறது. பி.சி.வி. என்ற எண் அந்தக் கெட்டித்தன்மையைத்தான் சொல்கிறது. அவனுக்கு 36-லிருந்து 46-க்கு ஏறியதன் பொருள் அதுதான். இருக்கிற கொஞ்ச ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புவதற்காக உடம்பு கைகால்களுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் பாதம் சில்லிடுகிறது, சிறுநீர் நின்றுபோகிறது. மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருப்பதால் ஆள் தெளிவாகப் பேசுகிறார், வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். உடம்பால் தாக்குப்பிடிக்க முடியாத கட்டம் வந்தால் அழுத்தம் சட்டென்று விழும். அதற்குப் பிறகு மீட்பது மிகக் கடினம்.

இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் சமயத்தில் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. பிறகு தானாகவே நின்றுவிடும், கசிந்த நீர் குழாய்க்குத் திரும்பிவிடும். அந்த ஒன்றிரண்டு நாளைப் பத்திரமாகக் கடத்துவதுதான் டெங்கு சிகிச்சையின் பெரும்பகுதி. சிலருக்குக் காய்ச்சல் இருக்கும்போதே கசிவு தொடங்குவதும் உண்டு. ஆகவே கீழே சொல்லும் அறிகுறி வந்தால் "இன்னும் காய்ச்சல் விடவில்லையே" என்று காத்திருக்கக் கூடாது.

இனி அறிகுறிகள். மருத்துவப் புத்தகத்தில் இவை வரிசையாக இருக்கும். வீட்டில் இவை வேறு பெயரில் வந்து நிற்கும், அதுதான் சிக்கல். வயிற்று வலியைப் பசி என்பார்கள், வாயு என்பார்கள். டெங்கு நாளில் வயிறு விடாமல் வலித்தால், குறிப்பாக வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே வலித்தால், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் வேளை அது இல்லை. கல்லீரல் வீங்கியிருக்கலாம், வயிற்றுக்குள் நீர் சேர்ந்துகொண்டிருக்கலாம். வாந்தியை எண்ணுங்கள். ஒரே நாளில் மூன்று முறை வந்தாலோ, குடித்தது எதுவும் உள்ளே தங்கவில்லை என்றாலோ கிளம்ப வேண்டும். ஒரு பக்கம் உள்ளே கசிவு, இன்னொரு பக்கம் வாந்தி என்றால் ஈடுகட்ட வழியே இல்லை.

ரத்தக் கசிவு என்றவுடன் எல்லோரும் தோலில் வரும் சிவப்புப் புள்ளிகளைத் தேடுகிறார்கள். புள்ளி மட்டும் இருந்து, ஆள் தெம்பாகச் சாப்பிட்டு நடமாடினால் அது உடனே ஓட வேண்டிய அறிகுறி இல்லை, மருத்துவரிடம் சொன்னால் போதும். கவனிக்க வேண்டியவை ஈறு, மூக்கு, வாந்தி, மலம். வாந்தி காப்பித்தூள் கலந்ததுபோல் இருந்தாலும், மலம் தார்போலக் கறுத்து ஒட்டினாலும் உள்ளே ரத்தம் போகிறது. இதனால்தான் டெங்கு நாள்களில் மாதுளை, பீட்ரூட், தர்பூசணி, காப்பி, சாக்லேட் பானம் போன்ற சிவப்பு, பழுப்பு நிறப் பொருள்கள் வேண்டாம் என்கிறோம். அவற்றில் கெடுதல் ஒன்றும் இல்லை. வாந்தியில் வந்தால் ரத்தமா சாறா என்று தெரியாமல் குழம்ப வேண்டியிருக்கும், அவ்வளவே.

பெண்களைப் பற்றி ஒன்று. டெங்குவின்போது மாதவிடாய் நாள் தவறி முன்பே வருவதும் வழக்கத்தைவிட அதிகமாகப் போவதும் உண்டு. வளர்ந்த பெண்பிள்ளைகள் இதை அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்ல மாட்டார்கள், மருத்துவர் கேட்டால்கூடத் தயங்குவார்கள். அதற்காகவே தாளில் இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

சோர்வு எல்லாக் காய்ச்சலிலும் உண்டு, அதை எப்படிப் பிரித்தறிவது என்று கேட்பார்கள். சூடு இறங்கிய பிறகு ஆள் தெளிய வேண்டும். தெளியாமல் இன்னும் துவண்டு போனால், கூப்பிட்டால் எரிச்சலோடு முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடினால், குழந்தை எதற்கும் சமாதானமாகாமல் அழுதுகொண்டே இருந்தால், எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தால், அது காய்ச்சல் அலுப்பு இல்லை. வழக்கமாகச் சேட்டை செய்யும் பிள்ளை சூடு இல்லாத உடம்போடு அமைதியாகப் படுத்திருந்தால் நான் பயப்படுவேன். தாய்க்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். "இவன் இப்படி இருக்க மாட்டானே" என்று தாய் சொன்னால் நாங்கள் அதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்வோம்.

கை கால் சில்லிடுவதைப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டாம். மேலே சொன்னதுபோல ஒரு கையை வயிற்றிலும் இன்னொரு கையைப் பாதத்திலும் வைத்து ஒப்பிட்டால் போதும். காற்றாடியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கூடவே கைவிரல் நகத்தை ஐந்து நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும், அதற்கு மேல் ஆனால் ரத்தம் சரியாகப் போகவில்லை. வியர்த்துக்கொட்டிக் கை கால் பிசுபிசுவென்று குளிர்ந்திருப்பதைப் பலர் "காய்ச்சல் வியர்த்து விடுகிறது, நல்லதுதான்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

இத்தனையிலும் வீட்டார் அதிகம் தவறவிடுவது சிறுநீரைத்தான். யாரும் எண்ணுவதில்லை. பெரிய பிள்ளைகள் தாங்களே கழிவறைக்குப் போய்விடுவதால் அம்மாவுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு முறை போனால் உள்ளே நீர் போதுமான அளவு இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் ஆறு மணி நேரம் போகவே இல்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பழைய நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, குடித்தது எவ்வளவு, சிறுநீர் போன நேரம், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதிவாருங்கள். முதல் பக்கத்தின் தலையில் காய்ச்சல் தொடங்கிய தேதியும் நேரமும் இருக்க வேண்டும். எந்த ரத்தப் பரிசோதனைத் தாளையும்விட அந்த நோட்டு எங்களுக்கு விரைவாக வழிகாட்டியிருக்கிறது.

இப்போது மக்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள். முதலாவது பிளேட்லெட். தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் "எத்தனை ஆயிரம்?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் கவனம் கூட வேண்டும் என்பது சரிதான். ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்று வயிற்று வலியையும் வாந்தியையும் தள்ளிப்போடக் கூடாது. மறுபக்கம், எண் குறைவாக இருந்தும் நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீர் போய், ரத்தம் எங்கும் கசியாமல் இருப்பவருக்குப் பிளேட்லெட் ஏற்றுவதால் கசிவு நிற்பதில்லை. பிளேட்லெட் பைக்காக ஊரெல்லாம் அலைகிற உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து சிறுநீரை அளந்துகொண்டிருந்தால் அது நோயாளிக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். பரிசோதனைத் தாள் கையில் கிடைத்தால் பிளேட்லெட்டோடு பி.சி.வி.யையும் பாருங்கள். முதல் நாள்களில் இருந்த எண்ணைவிட அது ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால் கசிவு நடக்கிறது. இதற்காகத்தான் மூன்றாம் நாளிலிருந்து தினமும் ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். தொடக்க எண் இல்லாவிட்டால் ஏறியதா என்று சொல்ல முடியாது. அந்தப் பையனுக்குப் புதன்கிழமை 36 என்று ஒரு தாள் கையில் இருந்தது எங்களுக்குப் பெரிய உதவி.

அதேபோல, டெங்கு பரிசோதனையில் "நெகட்டிவ்" என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பரிசோதனை செய்த நாளைப் பொறுத்து அது தவறலாம். அறிகுறி வந்தால் பரிசோதனைத் தாளை மடித்துவைத்துவிட்டு ஆளைப் பாருங்கள்.

இரண்டாவது ஊசி. காய்ச்சல் உடனே இறங்க வேண்டும் என்று இடுப்பில் ஊசி கேட்டு வாங்கிக்கொள்வது நம் ஊரில் வழக்கம். டெங்கு நாளில் தசையில் போடும் ஊசி உள்ளே ரத்தம் கட்ட வைக்கலாம். பல நேரம் அந்த ஊசியில் இருப்பது டைக்ளோபெனாக் போன்ற வலி மருந்து. டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாமே வயிற்றில் ரத்தக் கசிவைத் தூண்டக்கூடியவை. மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டால் இவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். பாராசிட்டமால் ஒன்று போதும். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதிகம் போனால் 15. ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. 24 கிலோ பையனுக்கு 240 மில்லிகிராம் வரும், ஆகவே 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சரி. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை. காய்ச்சல் இறங்கவில்லை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால் ஏற்கெனவே வாடியிருக்கும் கல்லீரலை அது கெடுக்கும். இடையில் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்கள். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். காய்ச்சல் வந்த அன்றே தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்" என்பது. அந்த ஆபத்தான நாளில் நீர் குறைந்தாலும் கெடுதல், அதிகமானாலும் கெடுதல். அளக்காமல் ஏற்றிய நீரும் அதே ஓட்டை வழியாகக் கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சுத் திணற வைக்கும். அறிகுறி வந்தவரை இரவு முழுக்க யாராவது பார்க்க வேண்டும், மணிக்கு மணி நாடியும் அழுத்தமும் எடுக்க வேண்டும், சில மணிக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ஆகவே போகிற இடத்தில் கட்டிலும், இரவிலும் இயங்கும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இவை உண்டு.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்பீர்கள். வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள், அதில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. அது இந்தக் கசிவை நிறுத்தாது. கசப்பில் வாந்தி வந்துவிட்டால், அது சாற்றால் வந்த வாந்தியா நோயால் வந்ததா என்று தெரியாமல் அரை நாள் வீணாகிறது. அந்த வயிற்றில் மோரோ கஞ்சியோ போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாந்தி இல்லாமல் குடிக்க முடிகிறவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொடுக்காதீர்கள், உடம்பில் உப்பு குறைந்துவிடும். அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டு, நீர்மோர், இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கலந்த நீர், பால், பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பெரியவருக்கு நாளுக்கு ஐந்து பெரிய தம்ளருக்குக் குறையக் கூடாது, காய்ச்சல் அதிகம் என்றால் இன்னும் கூட. ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னால் வாந்தி வரும். குழந்தைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி என்று கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் அரைத் தம்ளருக்கு மேல் உள்ளே போயிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பழச்சாறு வேண்டாம். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

சிலர் அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது. கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், உடல் பருமன், சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் காய்ச்சல் வந்த முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்களும் அப்படியே. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். வேறு வகை இரண்டாம் முறை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். "எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்ற தைரியம் இங்கே செல்லாது. தனியாக இருப்பவர்களையும், இரவில் வண்டி கிடைக்காத ஊரில் இருப்பவர்களையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். உட்கார்ந்தால் மயங்கி விழுவார்கள். 108-ஐ அழைத்து, படுக்க வைத்தே கொண்டுபோங்கள். தெளிவாக இருந்தால் வழியில் கரைசலை ஒவ்வொரு வாயாகக் கொடுக்கலாம். வாசலில் நீண்ட கதை வேண்டாம்: "காய்ச்சல் வந்து ஐந்து நாள், விட்டு ஒன்பது மணி நேரம், மூன்று முறை வாந்தி, சிறுநீர் போய்ப் பதினெட்டு மணி நேரம்." இப்படிச் சொன்னால் வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள்.

குணமாகும்போது வரும் ஒன்று பலரைப் பயமுறுத்துகிறது. ஆறு, ஏழாம் நாள் வாக்கில் கை கால் சிவந்து, நடுவில் வெள்ளைத் திட்டுகளோடு, உள்ளங்கையும் பாதமும் அரிக்கும். பசி எடுத்து, சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தால் அது ஆபத்தில்லை, நோய் இறங்குகிற அடையாளம்.

தாளில் கொசு ஒழிப்பைச் சேர்க்கவில்லை. அது முக்கியம்தான், ஆனால் நள்ளிரவில் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிய வரி இடைஞ்சல். அதைத் தனித் தாளாக வெளிவாசலில் ஒட்டுங்கள். இந்தத் தாள் நோயாளி படுத்திருக்கும் அறைக் கதவின் உட்புறம், மாமியாரின் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் ஆபத்தான நாள்

சூடு இறங்கிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இரவிலும் எழுப்பிப் பாருங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வயிறு விடாமல் வலிக்கிறது.
ஒரே நாளில் மூன்று முறை வாந்தி, அல்லது குடித்தது தங்கவில்லை.
ஈறில், மூக்கில், வாந்தியில் ரத்தம். மலம் தார்போலக் கறுப்பு.
மாதவிடாய் நாள் தவறி வந்தது, அல்லது அதிகமாகப் போகிறது.
வயிறு சூடாக இருக்கிறது, கை கால் சில்லென்று இருக்கிறது.
ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை.
துவண்டு கிடக்கிறார், எரிந்து விழுகிறார், பேச்சு குழறுகிறது, குழந்தை அழுகையை நிறுத்தவில்லை.
எழுந்து நின்றால் மயக்கம்.
மூச்சு வாங்குகிறது.

வீட்டில் இருக்கும்போது

கஞ்சி, மோர், இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.
காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை.
வலி மாத்திரை, ஆஸ்பிரின், இடுப்பில் ஊசி வேண்டாம்.
சிவப்பு, பழுப்பு நிற உணவு வேண்டாம்.
மூன்றாம் நாளிலிருந்து மருத்துவர் சொன்னபடி தினமும் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டாலும் போக வேண்டும்.

காத்திருக்காமல் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், உடல் பருமனானவர், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், முன்பு டெங்கு வந்தவர், தனியாக இருப்பவர்.

எழுதிவையுங்கள்

காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம்: ____________
காய்ச்சல் விட்ட நாள், நேரம்: ____________
கடைசி மாத்திரை: ____________
கடைசியாகச் சிறுநீர் போனது: ____________
இரவில் வண்டி: 108, பக்கத்து வீட்டு எண்: ____________